விற்ற பிறகு டீலருக்குத் தரும் தள்ளுபடி: ஜிஎஸ்டி எந்த விலையின் மேல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதம் கழித்து டீலருக்கு 5% தள்ளுபடி தருகிறோம். அந்தத் தொகைக்கு ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டியைக் குறைத்துக்கொள்ளலாமா?

குறைத்துக்கொள்ளலாம், ஆனால் நிபந்தனையோடு. இன்வாய்ஸிலேயே காட்டிய தள்ளுபடிக்கு எந்தச் சிக்கலும் இல்லை. சரக்கு போன பிறகு தரும் தள்ளுபடிக்கு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15(3)(b) பிரிவு இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. தள்ளுபடி பற்றிய ஒப்பந்தம் சப்ளைக்கு முன்போ, சப்ளையின்போதோ போடப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தள்ளுபடி எந்தெந்த இன்வாய்ஸுக்கு உரியது என்று குறிப்பாகத் தெரிய வேண்டும். இது முதலாவது. அந்தத் தள்ளுபடிக்கு உரிய உள்ளீட்டு வரி வரவை, அதாவது ஐடிசியை, டீலர் திருப்பியிருக்க வேண்டும். இது இரண்டாவது.

இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் முதலில் போட்ட விலைக்கே வரி. அதற்காகத் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வரியைத் தொடாமல் பணமாக மட்டும் தரலாம். அதற்குப் பெயர் நிதி கிரெடிட் நோட். வணிக கிரெடிட் நோட் என்றும் சொல்வார்கள். கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகை நோட்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

வரியோடு கிரெடிட் நோட் போட்டால் எவ்வளவு, வரி இல்லாமல் போட்டால் எவ்வளவு? யாருக்கு லாபம்?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். தயாரிப்பாளரும் டீலரும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பொருள் 18% வரியுள்ள மின்விசிறி. ஏப்ரல் முதல் ஜூன் வரை டீலர் 500 விசிறி வாங்கினார், ஒன்று ₹2,000. சரக்கின் மதிப்பு ₹10,00,000, சிஜிஎஸ்டி ₹90,000, எஸ்ஜிஎஸ்டி ₹90,000, மொத்தம் ₹11,80,000. காலாண்டில் 400 விசிறியைத் தாண்டினால் 5% என்பது ஒப்பந்தம். ஆக, தள்ளுபடி ₹50,000.

வரியோடு போட்டால் நோட்டின் தொகை ₹59,000. தயாரிப்பாளர் டீலரின் கணக்கில் ₹59,000 குறைக்கிறார். தம் வரிப் பொறுப்பில் ₹9,000 திரும்பப் பெறுகிறார். அவருக்கு நிகரச் செலவு ₹50,000. டீலருக்கு ₹59,000 வருகிறது. ஐடிசியில் ₹9,000 போகிறது. அவருக்கு நிகர வரவும் ₹50,000.

வரி இல்லாமல் போட்டால் நோட்டின் தொகை ₹50,000, அவ்வளவுதான். தயாரிப்பாளர் கட்டிய ₹1,80,000 அப்படியே நிற்கிறது. டீலரின் ஐடிசியும் ₹1,80,000 அப்படியே இருக்கிறது. இருவருக்கும் அதே ₹50,000.

எடுத்த ஐடிசி முழுவதையும் செலவழிக்கக்கூடிய டீலராக இருந்தால், இரண்டு வழியிலும் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்ட டீலர்களுக்கு வரி இல்லாத நோட்டே போதும் என்பது எங்கள் கருத்து. வரியோடு போடும்போது ஒப்பந்தத்தை நிரூபிப்பது, டீலர் ஐடிசி திருப்பினாரா என்று துரத்துவது, கெடு தேதியைக் கவனிப்பது எல்லாம் தயாரிப்பாளரின் தலையில் விழும். பதிலுக்குக் கிடைப்பது அதே ₹50,000 செலவுதான்.

அப்படியானால் வரியோடு நோட் போடுவதில் யாருக்குத்தான் பயன்?

ஐடிசியைப் பயன்படுத்த முடியாதவருக்கு. வாங்குபவர் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறார் என்றால், அவருக்கு ₹1,80,000 வரி முழுவதும் செலவு. வரி இல்லாத நோட் தந்தால் ₹50,000 மட்டும் கிடைக்கும். வரியோடு தந்தால் ₹59,000 கிடைக்கும், திருப்ப வேண்டிய ஐடிசியும் கிடையாது. தயாரிப்பாளருக்கு இரண்டிலும் நிகரச் செலவு ஒன்றுதான். இங்கே ₹9,000 உண்மையிலேயே வாங்குபவரின் கைக்குப் போகிறது.

இன்னொருவர், தள்ளுபடியை நம்பி வாங்கிய விலைக்கும் கீழே விற்கும் டீலர். ₹2,000க்கு வாங்கிய விசிறியை, ₹100 பின்னால் வரும் என்று கணக்குப் போட்டு ₹1,950க்கு விற்கிறார். வாங்கியதில் ஐடிசி ₹360. விற்றதில் கட்ட வேண்டிய வரி ₹351. விசிறிக்கு ₹9 ஐடிசி மின்னணு வரவுப் பேரேட்டில் தங்கிவிடும். வாங்கியதும் விற்றதும் ஒரே வரி விகிதம் என்பதால் தலைகீழ் வரி அமைப்பு என்று ரீஃபண்டும் கேட்க முடியாது. அவர் கணக்குப்படி விசிறிக்கு ₹50 லாபம். கையில் வருவது ₹41. மற்ற சரக்கில் நல்ல மார்ஜின் இருந்தால் இந்த ₹9 அங்கே கரையும். எல்லாச் சரக்கும் இதே மாதிரி என்றால் மாதா மாதம் ஏறிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட டீலர் வரியோடு நோட் கேட்பது நியாயம்தான்.

கம்பெனி தந்த நோட்டில் வரி இல்லை. 5% பணம் குறைந்ததால் ஐடிசியையும் 5% திருப்பச் சொல்கிறார் கணக்காளர். சரியா?

தவறு. தயாரிப்பாளர் தம் வரியைக் குறைத்துக்கொள்ளவில்லை. அரசுக்கு ₹1,80,000 முழுதாகப் போய்விட்டது. நீங்களும் ₹9,000 திருப்பினால் அந்த வரி அரசுக்கு இரண்டு முறை போகும். 2025 செப்டம்பர் 12 தேதியிட்ட 251/08/2025 சுற்றறிக்கை இதை நேரடியாகவே சொல்கிறது: நிதி கிரெடிட் நோட் வழியாகத் தள்ளுபடி கிடைத்தால், பெறுபவர் ஐடிசியைத் திருப்ப வேண்டியதில்லை.

இன்வாய்ஸ் தொகையை 180 நாளில் முழுதாகக் கட்டவில்லையே என்ற பயம்தான் கணக்காளர்களை இப்படிச் சொல்ல வைக்கிறது. ₹11,30,000 பணமாகவும் ₹50,000 நோட்டின் சரிக்கட்டலாகவும் தீர்ந்திருக்கிறது. டீலரின் பேரேட்டில் அந்த இரண்டு பதிவும் இன்வாய்ஸோடு பொருத்தப்பட்டு, பாக்கி பூஜ்யம் என்று தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். "சஸ்பென்ஸ்" கணக்கில் தொங்கவிட்டால் தணிக்கையில் அது கட்டாத பாக்கியாகத் தெரியும்.

கைக்கு வந்த நோட் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வரி வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த மாதத்தின் GSTR-2B-யில் அதே எண்ணில் கிரெடிட் நோட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இருந்தால் ஐடிசி குறைய வேண்டும். இரண்டிலும் இல்லை என்றால் ஐடிசியைத் தொட வேண்டாம்.

தொல்லை தருவது மூன்றாவது நிலை. காகிதத்தில் வரி அச்சாகியிருக்கும், GSTR-2B-யில் ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் பில்லிங் மென்பொருளில் வவுச்சர் வகை தவறாகத் தேர்வாகியிருக்கும், அல்லது GSTR-1-இல் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். உடனே கம்பெனிக்கு எழுதி, இது வரி நோட்டா நிதி நோட்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். நிதி நோட் என்றால் வரி வரிசை இல்லாத புதிய நோட் கேளுங்கள்.

தயாரிப்பாளர் பக்கத்தில் இதைத் தவிர்க்க எளிய வழி, இரண்டுக்கும் தனித்தனி எண் வரிசை வைப்பது. வரி நோட் `CN/` என்றும் நிதி நோட் `FCN/` என்றும் தொடங்கட்டும். முதல் வரிசை மட்டும் GSTR-1-இன் 9B அட்டவணைக்குப் போகும். இரண்டாவது அங்கே போகவே கூடாது.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

தள்ளுபடி எவ்வளவு என்பதை யார் படித்தாலும் கணக்கிட முடிய வேண்டும். எந்தக் காலம், எந்தப் பொருள், எத்தனை எண்ணிக்கை அல்லது எவ்வளவு தொகையைத் தாண்டினால் எத்தனை சதவீதம், திரும்பி வந்த சரக்கைக் கழித்த பிறகா முன்பா, வரிக்கு முந்தைய மதிப்பின் மீதா, நோட் எந்தத் தேதிக்குள் வரும் என்பதெல்லாம் வேண்டும். தொகை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதில்லை. சூத்திரம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

"நிறுவனம் அவ்வப்போது அறிவிக்கும் ஊக்கத்தொகை டீலருக்கு வழங்கப்படலாம்" என்ற வரி பல டீலர் ஒப்பந்தங்களில் இருக்கிறது. இதை வைத்து வரி குறைத்தால் நிற்காது. இதில் டீலர் உரிமையாகக் கேட்கக்கூடிய தள்ளுபடி எதுவும் இல்லை.

தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரைக்கான திட்டத்தை விற்பனைப் பிரிவு ஜூன் 20 அன்று மின்னஞ்சலில் அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 20க்கு முன் போன சரக்குக்கு அது சப்ளைக்கு முந்தைய ஒப்பந்தம் ஆகாது. அந்த இன்வாய்ஸ்களுக்கு நிதி நோட், அதற்குப் பிந்தையவற்றுக்கு வேண்டுமானால் வரி நோட் என்று பிரிக்க வேண்டியதுதான்.

ஒரே கிரெடிட் நோட்டை 40 இன்வாய்ஸுக்கும் சேர்த்துப் போடலாமா?

போடலாம். 2019 பிப்ரவரி 1 முதல் 34ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது. ஆனால் நோட் ஒன்றாக இருந்தாலும் 15(3)(b) கேட்கும் இன்வாய்ஸ் தொடர்பு போய்விடுவதில்லை. நோட்டோடு ஓர் இணைப்புத் தாள் வையுங்கள். அதில் ஒவ்வோர் இன்வாய்ஸின் எண், தேதி, வரிக்கு முந்தைய மதிப்பு, தள்ளுபடி, அதற்கான வரி வரிசையாக இருக்கட்டும். கடைசிக் கூட்டுத்தொகை நோட்டின் தொகையோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும்.

இந்தத் தாளைத் தயாரிக்கும்போதுதான் ஒரு பொதுவான பிழை வெளிவரும். மேலே சொன்ன 500 விசிறியில் 20 திரும்பி வந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ₹40,000 மதிப்புக்கு ஏற்கெனவே முழு வரியோடு நோட் போயிருக்கும். தள்ளுபடியை 500க்கும் கணக்கிட்டால், திரும்பி வந்த 20 விசிறிக்கு ₹2,000 தள்ளுபடியும் ₹360 வரியும் கூடுதலாகக் குறைந்துவிடும். 480க்கு மட்டும் கணக்கிட்டால் தள்ளுபடி ₹48,000, வரி ₹8,640.

டீலர் ஐடிசி திருப்பினார் என்று நாங்கள் எப்படி நிரூபிப்பது? சிஏ சான்றிதழ் இன்னும் வேண்டுமா?

2024 ஜூன் 26 தேதியிட்ட 212/6/2024 சுற்றறிக்கைதான் அந்தச் சான்றிதழைக் கேட்டது. ஒரு நிதியாண்டில் ஒரு டீலருக்குத் தந்த தள்ளுபடியில் அடங்கிய வரி ₹5 லட்சத்தைத் தாண்டினால் சிஏ அல்லது சிஎம்ஏ சான்றிதழ், தாண்டாவிட்டால் டீலரின் உறுதிமொழி என்பது அந்த ஏற்பாடு. அந்தச் சுற்றறிக்கை 2025 அக்டோபர் 1 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கு முந்தைய நோட்டுகளுக்கு வாங்கிய சான்றிதழ்களைத் தூக்கி எறிய வேண்டாம்; பழைய ஆண்டுகளின் தணிக்கையில் அவையே ஆதாரம்.

சான்றிதழ் போனாலும் நிபந்தனை போகவில்லை, இன்னும் இறுகியிருக்கிறது. 2025 நிதிச் சட்டம் திருத்திய 34(2) பிரிவின்படி, பதிவு பெற்ற டீலர் எடுத்த ஐடிசியைத் திருப்பாவிட்டால் தயாரிப்பாளர் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

இப்போது இது ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள IMS என்ற இன்வாய்ஸ் மேலாண்மை வசதி வழியாக நடக்கிறது. நீங்கள் GSTR-1-இல் ஏற்றும் கிரெடிட் நோட் டீலரின் IMS திரையில் வரும். அவர் Accept கொடுத்தால் அவருடைய ஐடிசி குறையும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளப்படும். Reject கொடுத்தால் அந்தத் தொகை உங்கள் அடுத்த GSTR-3B-யில் பொறுப்பாகத் திரும்பி வந்து நிற்கும்.

நிராகரிப்பு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. டீலரின் கணக்காளருக்கு நோட் வருவதே தெரியாது. திரையில் புரியாத தொகை ஒன்றைப் பார்த்ததும் Reject கொடுத்துவிடுவார். GSTR-1 தாக்கல் செய்வதற்கு முன் நோட்டையும் இணைப்புத் தாளையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். மாதம் பிறந்து GSTR-2B வந்ததும், IMS-இல் உங்கள் நோட்டுகளின் நிலையை ஒரு முறை பாருங்கள்.

வரி நோட் போட எதுவரை நேரம்?

நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், எது முந்தியோ அதுவரை. 2025-26இல் விற்ற சரக்குக்கு 2026 நவம்பர் 30. ஆகஸ்டிலேயே வருடாந்தர ரிட்டர்ன் போட்டுவிட்டால் கதவு ஆகஸ்டிலேயே மூடிவிடும். ஆண்டு இலக்குத் தள்ளுபடி பாக்கி இருக்கும்போது GSTR-9-ஐ அவசரப்பட்டுத் தாக்கல் செய்யாதீர்கள். கெடு தாண்டினால் நிதி நோட் மட்டும்தான். அதற்குக் கெடு இல்லை.

விற்றபோது 28%, இப்போது 18%. தள்ளுபடி நோட்டில் எந்த விகிதம்?

இன்வாய்ஸில் போட்ட அதே விகிதம். 2025 ஆகஸ்டில் 28% போட்டு விற்ற ஏசிக்கு, 2025 செப்டம்பர் 22 விகிதக் குறைப்புக்குப் பிறகு நோட் போட்டாலும் 28%தான். நோட் திருத்துவது அந்தப் பழைய சப்ளையை. பில்லிங் மென்பொருள் பொருளின் இப்போதைய விகிதத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும். கையால் மாற்றாவிட்டால் ₹10,000 தள்ளுபடிக்கு ₹1,000 வரி விட்டுப்போகும்.

குறைந்த விலைக்கு விற்கச் சொல்லிக் கம்பெனி தரும் பணம் எனக்குக் கூடுதல் விற்பனை வருமானமா? அதற்கும் நான் வரி கட்ட வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். கம்பெனி உங்களுக்கு விற்றது ஒரு விற்பனை, நீங்கள் வாடிக்கையாளருக்கு விற்றது வேறொரு விற்பனை. நடுவில் கிடைத்த தள்ளுபடி உங்கள் வாங்கும் விலையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். 251/08/2025 சுற்றறிக்கையின் நிலைப்பாடும் இதுவே.

ஒரு விதிவிலக்கு உண்டு. கம்பெனியே கடைசி வாடிக்கையாளரிடம் குறிப்பிட்ட விலைக்கு ஒப்பந்தம் செய்துவிட்டு, அந்த விலைக்கு உங்களை விற்கச் சொன்னால் கதை வேறு. ஒரு ஹோட்டலுக்கு விசிறி ₹1,800க்குத் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொள்கிறது. உங்கள் வழக்கமான விலை ₹2,200. வித்தியாசம் ₹400-ஐக் கம்பெனி உங்களுக்குக் கிரெடிட் நோட்டாகத் தருகிறது. ஹோட்டலுக்கு நீங்கள் செய்த சப்ளையின் மதிப்பு அப்போது ₹2,200. விலையின் ஒரு பகுதியை ஹோட்டலுக்குப் பதிலாகக் கம்பெனி கட்டுகிறது. வரி ₹324 அல்ல, ₹396. இந்த ₹72 யார் பொறுப்பு என்பதை ஆர்டரை எடுக்கும் முன்பே கம்பெனியிடம் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் பெரும்பாலும் டீலரின் மார்ஜினிலிருந்துதான் போகும்.

விளம்பரப் பலகை வைத்ததற்கும் சேர்த்துத்தான் தள்ளுபடி என்கிறார்கள். அது சேவைக் கட்டணம் ஆகுமா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. டீலர் தம் சரக்கு விற்க வேண்டும் என்பதற்காகத் தாமே பலகை வைப்பது கம்பெனிக்குச் செய்யும் சேவை ஆகாது. ஆனால் விளம்பரம், கண்காட்சி, வாடிக்கையாளர் உதவி போன்ற குறிப்பிட்ட வேலையும் அதற்கென்று தனித் தொகையும் ஒப்பந்தத்தில் இருந்தால் அது சேவை. அதற்கு டீலர் வரியோடு இன்வாய்ஸ் போட வேண்டும். கம்பெனி அந்த வரியை ஐடிசியாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே "திட்ட ஆதரவு" தொகையில் கலந்து எழுதினால், முழுத் தொகையையும் சேவைக் கட்டணமாக எடுத்து ஜிஎஸ்டி கேட்டு நோட்டீஸ் வர இடம் கொடுத்ததாகும்.

முன்கூட்டிய ஒப்பந்தம் வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே?

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டம் அதை எடுக்கப் பரிந்துரைத்தது. தள்ளுபடியை 34ஆம் பிரிவின் கிரெடிட் நோட்டோடு மட்டும் இணைப்பதே பரிந்துரை. பரிந்துரையை வைத்து வரியைக் குறைக்க முடியாது. சட்டத் திருத்தம் நிறைவேறி, எந்தத் தேதி முதல் நடைமுறை என்று அறிவிக்கை சொல்கிறதோ, அங்கிருந்துதான் அது செல்லும். நோட் போடும் அன்று அமலில் உள்ள 15(3)(b)-ஐயும், சரக்கு அனுப்பிய அன்று இருந்ததையும் இரண்டையும் பார்த்துவிட்டுப் போடுங்கள். திருத்தம் வந்தாலும் டீலர் ஐடிசி திருப்ப வேண்டும் என்பதும் நவம்பர் 30 கெடுவும் மாறப்போவதில்லை.

வாட் காலத்தில் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்ததே, அந்தத் தீர்ப்பைக் காட்டலாமா?

கர்நாடக வாட் விதியைப் பற்றிய சதர்ன் மோட்டார்ஸ் வழக்கில் 2017இல் வந்த தீர்ப்பு அது. பின்னால் முடிவாகும் தள்ளுபடியை முதல் இன்வாய்ஸிலேயே காட்டச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்பது அதன் சாரம். ஜிஎஸ்டி சட்டம் பிந்தைய தள்ளுபடிக்கென்றே தனி வழியை எழுதி வைத்திருக்கிறது. அந்த வழியின் நிபந்தனைகளை நிறைவேற்றாதவருக்கு இந்தத் தீர்ப்பு மட்டும் கைகொடுக்காது. ஜிஎஸ்டிக்கு முந்தைய ஆண்டுகளின் வாட் மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், அங்கே தாராளமாகக் காட்டுங்கள்.